அப்பா பெயரில் நிற்கும் பெங்களூர் வீடு: காத்தா மாற்றும் முன் பாட்டியைக் கணக்கில் சேருங்கள்

ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள். வீடு இன்னும் காலமான அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இருக்கும். ஆண்டுதோறும் சொத்து வரி கட்டுகிறார்கள், ரசீதும் அப்பா பெயரிலேயே வருகிறது. பணம் கட்டுவது மகன்தானே என்று யாரும் தடுப்பதில்லை. அதனால் பெயர் மாற்றும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, பத்து வருடம், இருபது வருடம் என்று.

இப்போது அப்படித் தள்ள முடியாத நிலை வந்துவிட்டது. 2024 அக்டோபர் முதல் பெங்களூரில் வீடு, மனையைக் கைமாற்றும் பத்திரத்தைப் பதிய, மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவான இ-காத்தா வேண்டும். இ-காத்தாவுக்கு உரிமையாளரின் ஆதார் சரிபார்ப்பு வேண்டும். இறந்தவர் விரல் ரேகை வைக்க முடியாது. ஆகவே விற்பதோ, பாகம் பிரிப்பதோ, தங்கை தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதோ, எதற்கும் முதல் படி மாநகராட்சிப் பதிவேட்டில் வாரிசுகள் பெயரை ஏற்றுவதுதான். அப்பாவுடைய இடத்தில் மகன் தன் ஆதாரை வைத்துச் சரிபார்த்து முடித்துவிடலாம் என்று சொல்லும் தரகர்கள் உண்டு. செய்யாதீர்கள். அது அரசுப் பதிவில் பொய்த் தகவல் தருவது. பின்னால் உண்மையான வாரிசு உரிமையைக் காட்டவேண்டி வரும்போது அதுவே எதிராக நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். காத்தா என்பது பத்திரம் இல்லை, பட்டாவும் இல்லை. இந்தச் சொத்துக்கு வரி கட்ட வேண்டியவர் யார் என்று மாநகராட்சி எழுதிவைத்திருக்கும் கணக்கு, அவ்வளவுதான். நம் ஊரில் சொத்து வரிப் பெயர் மாற்றம் என்கிறோமே, அதற்குத்தான் நெருக்கம். காத்தாவில் பெயர் ஏறியதால் யாரும் புதிதாகச் சொந்தக்காரர் ஆவதில்லை, பெயர் விட்டுப்போனதால் யாரும் பங்கை இழப்பதும் இல்லை. இப்படிப்பட்ட பெயர் மாற்றப் பதிவு உரிமையை உண்டாக்காது, அழிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. 'காத்தாதான் மாறிடுச்சே' என்று நிம்மதியாக இருந்துவிட்ட குடும்பங்களுக்குப் பிறகு வரும் சிக்கல் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு வீட்டின் கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஸ்ரீராமபுரத்தில் ஒரு சின்ன வீடு. மில்லில் வேலை பார்த்த அப்பா 1984-ல் தன் சம்பாத்தியத்தில் கிரயப் பத்திரம் போட்டு வாங்கியது. 2009-ல் உயில் எழுதாமல் காலமானார். அப்போது உயிரோடு இருந்தவர்கள் அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள், அப்புறம் அப்பாவைப் பெற்ற பாட்டி. தாத்தா முன்பே போய்விட்டார். பாட்டி 2014-ல் வேலூரில் மகள் வீட்டில் இருக்கும்போது இறந்தார். அந்த மகள், அதாவது பிள்ளைகளுக்கு அத்தை, இன்றும் வேலூரில்தான் இருக்கிறார்.

இன்று பிள்ளைகளிடம் 'வாரிசு யார்?' என்று கேட்டால் 'அம்மாவும் நாங்க மூணு பேரும்' என்றுதான் சொல்வார்கள். மனசாட்சிப்படி உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு தாயும் உண்டு. எல்லோருக்கும் சம பங்கு. அப்பா இறந்த அந்த நிமிடத்திலேயே வீடு ஐந்து பங்காகிவிட்டது: அம்மா, மூன்று பிள்ளைகள், பாட்டி. எங்கும் எழுதவில்லை என்பதால் பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு இல்லாமல் போய்விடவில்லை.

பாட்டி இறந்ததும் அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. மகளான அத்தைக்குப் பாதி. முன்பே இறந்த மகனின் கிளைக்குப் பாதி, அதை மூன்று பேரப்பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். இந்தச் சுற்றில் அம்மாவுக்கு எதுவும் சேராது, மாமியாரின் சொத்தில் விதவை மருமகளுக்கு இந்த வரிசையில் இடமில்லை. வீட்டை முப்பது பங்காக வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு 6, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 7, அத்தைக்கு 3. பத்தில் ஒரு பங்கு வேலூரில் இருக்கிறது. அத்தைக்கே அது தெரியாது.

இதே குடும்பம் சிவாஜி நகர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கு வேறு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் குடும்பமென்றால் அவர்களுடைய சொந்தச் சட்டம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிச் செய்தார் என்று பார்த்துச் செய்வது இந்த விஷயத்தில் உதவாது.

வம்சவிருட்சம்: முழு விஷயமும் இந்தத் தாளில்தான்

கர்நாடகத்தில் வாரிசுகளைக் காட்டும் தாளுக்கு வம்சவிருட்சம் என்று பெயர். குடும்ப மரம். வருவாய்த் துறையின் நாட கச்சேரியில் விண்ணப்பிக்க வேண்டும். இறந்தவர், மனைவி, பிள்ளைகள், இறந்துபோன பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய பிள்ளைகள் என எல்லாரையும் வரைந்து, நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக எழுதித் தருகிறோம். அதோடு இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு நகல்கள். வருவாய் ஊழியர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை தருவார். அதன்மேல்தான் சான்று வருகிறது.

இங்கேதான் நம்மவர்கள் பலர் இரண்டு வழியில் தவறுகிறார்கள். ஒன்று, சொந்த ஊர் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி வந்துவிடுவது. இறந்தவர் நாற்பது வருடம் பெங்களூரில் குடியிருந்தவர் என்றால், அவருடைய குடும்பத்தை விசாரித்துச் சொல்லவேண்டியது இங்குள்ள வருவாய் அலுவலகம்தான். ஊர்ச் சான்றைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், இரண்டு மாதம் வீணாகிறது. இன்னொன்று, வக்கீல் சொன்னாரென்று நீதிமன்றத்தில் 'சக்சஷன் சர்டிபிகேட்' கேட்டு மனுப் போடுவது. அது வங்கி வைப்பு, பங்குகள், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கானது. வீடு, மனைக்கு அது பொருந்தாது.

மூன்றாவது தவறு மிகவும் சாதுவாகத் தெரியும், ஆனால் அதுதான் ஆபத்தானது: மரத்தை இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களை வைத்து வரைவது. நம் குடும்பத்தில் 2026-ல் விண்ணப்பித்தால் பாட்டி உயிரோடு இல்லை. ஆகவே அம்மா, மூன்று பிள்ளைகள் என்று எழுதுகிறார்கள். விசாரிக்க வருபவரும் இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். பாட்டி வேலூரில் இறந்ததால் இந்தத் தெருவில் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. சான்று சிக்கலில்லாமல் வந்துவிடும், காத்தாவும் மாறிவிடும். நாலைந்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: 'அப்பா இறந்த தேதியில் அவருடைய தாயார் இருந்தாரா?' அங்கே எல்லாம் நின்றுவிடும்.

எங்கள் உறவில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. முன்பணம் வாங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் போய் ஊரில் இருக்கும் பெரியம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். இத்தனை வருடம் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், விற்கும்போது வந்து நிற்கிறீர்களே என்று அவர் அழுதது எனக்கு மறக்காது. அவருக்குப் பணம் பெரிதில்லை, தன்னை மறந்துவிட்டார்களே என்பதுதான் வலி.

ஆகவே மரத்தை அப்பா இறந்த நாளில் யார் யார் இருந்தார்கள் என்று வரையுங்கள். அதில் பாட்டி இருக்கட்டும். பாட்டிக்குக் கீழே அத்தையும் அப்பாவின் கிளையும் வரட்டும். இரண்டு இறப்பு, இரண்டு இறப்புச் சான்று. பாட்டியின் சான்று இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் கிடைக்கும், பெங்களூரில் அல்ல. அத்தையை விட்டே வேலூரில் எடுக்கச் சொல்லலாம், அதுவே அவரிடம் இந்தப் பேச்சைத் தொடங்க நல்ல காரணமாகவும் இருக்கும்.

பெயர், எழுத்து, இனிஷியல்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், தமிழ்க் குடும்பங்களுக்குச் சின்னதல்ல. அப்பா பத்திரத்தில் 'முனுசாமி'. வரிப் பதிவேட்டில் கன்னடத்தில் எழுதியவர் 'முனிஸ்வாமி' என்று பழகியபடி எழுதிவிட்டார். இறப்புச் சான்றில் மருத்துவமனை எழுதியது இன்னொரு விதம். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஆதாரில் அது தகப்பன் பெயராக விரிந்து முழுப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணினிக்கு இவர்கள் மூன்று ஆட்கள்.

பத்திரத்தில் உள்ள பெயரை அடிப்படையாக வையுங்கள், ஏனென்றால் உரிமை அங்கிருந்துதான் வருகிறது. இறப்புச் சான்றில் பிழை இருந்தால் பதிவாளரிடம் போய் அதைத் திருத்திக்கொள்வதே நல்லது. மற்ற வித்தியாசங்களுக்கு, இந்த எல்லாப் பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று போதும். வாரிசுகள் தங்கள் ஆதாரை விண்ணப்பத்துக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான மகளின் ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருக்கும், வம்சவிருட்சத்தில் தகப்பன் பெயரோடு இருப்பார். அவருடைய பள்ளிச் சான்றிதழோ திருமணச் சான்றோ கையில் இருக்கட்டும்.

விண்ணப்பமும் அதற்குப் பிறகும்

மற்ற தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் கிரயப் பத்திரம் வேண்டும். அசல் தொலைந்திருந்தால் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்று வேண்டும். 2004-க்குப் பிந்தையது பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் கிடைக்கும், 1984 பத்திரத்துக்கு அதற்கு முந்தைய காலத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கடைசி வரை கட்டிய சொத்து வரி ரசீது, பழைய காத்தா நகல், பெஸ்காம் மின் கணக்கு எண், வீட்டின் புகைப்படம், எல்லா வாரிசுகளின் ஆதார். வரி பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள், பாக்கியோடு விண்ணப்பம் நகராது.

வீட்டின் வரைவுப் பதிவு bbmpeaasthi.karnataka.gov.in தளத்தில் வார்டு வாரியாக, உரிமையாளர் பெயரில் இருக்கும். முதலில் அங்கே தேடி, அளவும் முகவரியும் சரியா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் பழைய பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. உங்கள் வீடு எதில் வருகிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தைப் பார்க்கப்போவது உங்கள் பகுதியின் உதவி வருவாய் அதிகாரி. நேரில் கொடுத்தாலும் இணையத்தில் கொடுத்தாலும் ஒப்புகை எண் இல்லாமல் திரும்பாதீர்கள். கர்நாடகத்தின் 2011-ஆம் ஆண்டு சகாலா சட்டம் சேவைகளுக்குக் கெடு வைக்கிறது. எண் இருந்தால்தான் அந்தக் கெடு எப்போது தொடங்கியது என்று காட்ட முடியும், மேல்முறையீடும் செய்ய முடியும்.

அப்பா இறந்து பதினேழு வருடம் ஆகிவிட்டதே, இனிமேல் மாற்ற முடியுமா என்று பயப்படுகிறார்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1976-ஆம் ஆண்டு கர்நாடக மாநகராட்சிகள் சட்டம் ஓராண்டுக்குள் தெரிவிக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் தாமதத்தால் வாரிசுரிமை போய்விடாது. தாமதத்தின் உண்மையான விலை வேறு: ஒவ்வொரு வருடமும் ஒரு சாட்சி குறைகிறார், ஒரு புது மரணம் மரத்தில் இன்னொரு கிளையைச் சேர்க்கிறது.

யார் பெயருக்கு மாற்றுவது என்ற கேள்வி இங்கே வரும். நம் வீடுகளில் இரண்டு பழக்கம். ஒன்று, 'அம்மா இருக்கிறவரை அம்மா பேர்ல இருக்கட்டும்'. மரியாதைக்காகச் சொல்வது, எனக்கும் அந்த மனசு புரிகிறது. இன்னொன்று, வரி கட்டும் மூத்த மகன் பெயருக்கு மட்டும் மாற்றி, தங்கையிடம் நூறு ரூபாய் முத்திரைத் தாளில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது. இரண்டிலும் ஒரே குறை. அந்த என்.ஓ.சி. தாள் காத்தாவை மாற்ற அலுவலகத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், ஆனால் தங்கையின் பங்கைக் கைமாற்றாது. அசையாச் சொத்தில் இருக்கும் பங்கை விட்டுக்கொடுக்க, 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். பதியாத தாளை நம்பி மூத்தவர் மேலே மாடி கட்டிவிடுவார். தங்கை இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், கட்டியவர் ஏமாந்ததும் நிஜம்தான்.

என் கருத்தில் ஒரே நேர்வழி, வாரிசுகள் அத்தனை பேர் பெயரையும் கூட்டாக ஏற்றுவது. நம் குடும்பத்தில் அம்மா, மூன்று பிள்ளைகள், அத்தை என்று ஐந்து பேர். மாநகராட்சி யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுத் தராது, பெயர்களைத்தான் ஏற்றும். இ-காத்தா ஐந்து பேர் பெயரில் வந்த பிறகு, விட்டுக்கொடுக்க விரும்புபவர்கள் துணைப்பதிவாளர் முன் விடுதலைப் பத்திரம் பதியட்டும். அதன்பேரில் காத்தா இன்னொரு முறை மாறும். இரண்டு வேலை என்று சலித்துக்கொள்ளலாம், ஆனால் இ-காத்தா இல்லாமல் அந்தப் பத்திரமே பதிவாகாது என்பதால் வரிசை இப்படித்தான் அமையும். குடும்பத்துக்குள் செய்யும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. அது சட்டம் பட்டியலிட்ட உறவுகளுக்கு மட்டும். உடன்பிறந்தவர்கள் அதில் அடக்கம். அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை எழுதித் தருவது அதில் வருமா என்பதை, பத்திரம் எழுதும் முன்பே துணைப்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தீர்வையில் பெரிய வித்தியாசம் வரும்.

வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபித்தால்? அதிகாரி நோட்டீஸ் கொடுத்து இரு தரப்பையும் கேட்பார். யாருக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பார். அதைக் கேட்டு லஞ்சத்துக்காக இழுக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சட்டம் அப்படித்தான். உயில் இருந்தாலும் இதே நிலைமை. உயிலை எல்லா வாரிசுகளும் ஒப்புக்கொண்டால் அதன்படி மாற்றுவது எளிது. யாராவது ஒருவர் மறுத்தால், அதை நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது இன்று உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

நம் ஸ்ரீராமபுரம் குடும்பத்துக்கு வருவோம். அவர்கள் முதலில் செய்யவேண்டியது நாட கச்சேரிக்குப் போவது அல்ல, வேலூருக்குப் போவது. வம்சவிருட்ச வரைவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அம்மாவும் கூடவே போய், 'அத்தை, பாட்டி பங்கு உங்களுக்கும் வருது, பேர் சேர்க்கப் போறோம்' என்று சொல்ல வேண்டும். அவர் வைத்துக்கொள்கிறேன் என்றால் அது அவருடைய பத்தில் ஒரு பங்கு. வேண்டாம் என்றால், பெயர் ஏறிய பிறகு ஒரு நாள் பெங்களூர் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும். அந்தப் பத்திர நகலையும் பாட்டியின் இறப்புச் சான்றையும், 1984 கிரயப் பத்திரம் இருக்கும் அதே பையில் வையுங்கள்.